வாக்குச்சீட்டில் என் பெயருக்குக் கீழே

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். பாலர் பாடசாலைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய்மார் முதல் திருகோணமலை மாகாண அலுவலகத்தில் கதிரையில் இருக்கும் ஐயாமார் வரை அதை அறிவார்கள். என் மனுசனைக் கேட்டால் இன்னும் விபரமாகச் சொல்லுவார். அந்த வாய், எனக்கென்று ஒன்றைக் கேட்க வேண்டி வந்த ஒரு பின்னேரத்தில் மட்டும் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

நான் கல்முனைப் பக்கத்தில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்தவள். மூக்கு வடியும் வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்து, இடையில் கழுவியும் விட்டு, வீட்டுக்கு அனுப்புகிற வேலை. பள்ளிவாசல் நிருவாகமோ, கோயில் சபையோ, ஊர்ச் சங்கமோ நடத்துகிற பள்ளிக்கூடங்கள் அவை. பெற்றோர் தரும் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கும், மாகாணம் தரும் சிறு கொடுப்பனவும்தான் எங்களுக்கு வருமானம். அதைச் சம்பளம் என்று சொன்னால் சம்பளத்துக்குக் கோபம் வரும்.

எங்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. காரைதீவு டீச்சரும் அட்டாளைச்சேனை டீச்சரும், உள்ளே வரிப்பத்தான்சேனை, சாகாமம் டீச்சர்மாரும் எல்லாரும் அதில் அங்கத்தவர்கள். நான் செயலாளர். பொருளாளராக இருந்தவரை நாங்கள் எல்லாரும் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் உடன்பிறந்த அக்கா அல்ல. என்னை விடச் சில வயது மூத்தவர், அடுத்த தெருவில் பள்ளிக்கூடம் நடத்தியவர். நான் எரிந்து விழுவேன், அவர் தண்ணீர் ஊற்றுவார். சங்கம் அப்படித்தான் ஓடியது.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்தக் காலம் முடிந்து, ஊர் கொஞ்சம் மூச்சு விட்டிருந்த நேரம். எங்கள் தலைவி மகனோடு இருக்க வெளிநாடு போகிறேன் என்று பதவியை விட்டார். தலைவி இடத்துக்கு இரண்டு பேர் மனுப் போட்டோம். ஒன்று நான், மற்றது ராத்தா.

இதில் பகை எதுவும் இருக்கவில்லை. ராத்தாவைத் தேர்தல் கேட்கச் சொல்லி அவருடைய பக்கத்து டீச்சர்மார் நின்றார்கள், என்னைக் கேட்கச் சொல்லி என்னுடைய ஆட்கள் நின்றார்கள். "யாரு வந்தாலும் மத்தவ கூட நிக்கிறதுதானே" என்று ராத்தா சொன்னார். நானும் ஓம் என்றேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பதவி வேண்டும். பிறர் தள்ளிவிட்டு வந்தவள் போல நான் நடித்தாலும் உள்ளுக்குள் எனக்கு அது வேண்டும். என் வாயை வைத்து இன்னும் எத்தனையோ வாங்கலாம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் சங்கத்து வாக்குச்சீட்டில் ஒரு வழமை உண்டு. பொத்துவில் பக்கத்து டீச்சருக்குக் கல்முனை டீச்சரின் முகம் தெரியாது. பெயரை மட்டும் அடித்துக் கொடுத்தால் தன் ஊர்ப் பெயருக்குத்தான் புள்ளடி போடுவாள். அதனால் ஒவ்வொரு வேட்பாளரின் பெயருக்குக் கீழேயும் ஒரு பெட்டி. அறுபது சொல். வகித்த பதவி, வகித்த காலம், சங்கத்துக்குப் பெற்றுக் கொடுத்தவை. அவ்வளவுதான் எழுதலாம். பெற்றுக் கொடுத்தது என்று எழுதுவது பொதுக்கூட்டத்து ஆண்டறிக்கையில் இருக்க வேண்டும். எதிராளியைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. தன்னைப் புகழ்ந்தும் ஒரு சொல் கூடாது.

தேர்தலை நடத்தியவர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். சங்கத்துக்கு வெளியே உள்ளவர், எவருக்கும் சொந்தமில்லாதவர் என்று தேடிப் பிடித்த மனிதர். அந்த மனிதருக்குப் புகழ்ச்சொல் ஒன்று கண்ணில் பட்டால் போதும், வெட்டிவிடுவார். முந்திய தேர்தலில் ஒருத்தி "அயராது உழைத்து" என்று எழுதிக் கொடுக்க, "அயர்ந்தீங்களா இல்லையா என்டு நான் எப்படிப் பாக்கிற டீச்சர்?" என்று கேட்டு வெட்டியிருக்கிறார்.

அதே முந்திய தேர்தலில் இன்னொரு கூத்தும் நடந்தது. நின்ற எல்லாரும் செயற்குழுவில் இருந்தவர்கள். எல்லாரும் எல்லாவற்றையும் தாங்கள் வாங்கிக் கொடுத்ததாக எழுதினார்கள். எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் ஒரே எழுத்து. வாக்குப் போட வந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்தோம்: பெற்றுக் கொடுத்த ஒன்றை ஒரு பெயரின் கீழ்தான் போடலாம். யார் போடுவது என்று வேட்பாளர்களே பேசி முடித்து, இருவரும் ஒரே தாளில் கையெழுத்து வைத்து, குறித்த நாளில் பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன் அதிபரிடம் கொடுக்க வேண்டும். இணங்க முடியாததை இரண்டு பெட்டியிலும் போடாமல் விட்டுவிடுவார்கள். இந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவள் நான்தான். மிகவும் நியாயமான தீர்மானம் என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசினேன்.

ராத்தா பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். கையில் வட்டிலப்பம், நான் பிளேன்டீ ஊற்றினேன். சாப்பாட்டு மேசையில் ஆண்டறிக்கைகளைப் பரப்பிக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலையை இரண்டாகப் பிரிக்க உட்கார்ந்தோம்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. மரண உதவி நிதி ராத்தாவுக்கு. அதில் பேச்சே இல்லை, வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்தவர் அவர். உள்பக்கத்து டீச்சர்மாருக்கு நிலுவையில் நின்ற கொடுப்பனவை எடுத்துக் கொடுத்ததும் அவருக்கு. டிப்ளோமா வகுப்பை மட்டக்களப்புக்கு அலையாமல் நமது பக்கத்திலேயே நடத்த வைத்தது எனக்கு. சீருடைச் சாரிக்கான உதவிப் பணம் எனக்கு.

"இது ரெண்டுமா ஒனக்கு? சாரிக் காசு எடுத்ததுக்கு நீ பெட்டியில ஒரு வரியும் குடுக்கத் தேவல்ல. அந்தச் சாரிட நிறத்தப் பாத்தா ஆக்கள் ஒனக்கு வாக்குப் போடமாட்டாங்க" என்றார் ராத்தா.

"நிறம் எடுத்தது நீங்கதானே ராத்தா."

"அதத்தான் புள்ள, நான் என்ட பேருல போடல்ல."

இரண்டு பேரும் விழுந்து சிரித்தோம். அவரோடு நான் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று அப்போது தெரியாது.

மிச்சம் ஒன்றுதான் இருந்தது. பிரசவ விடுமுறை.

அதை வெளியாட்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பு எங்களில் ஒருத்தி பிள்ளை பெறப் போனால், அவளுடைய கொடுப்பனவு நின்றுவிடும். நிருவாகம் அந்த இடத்துக்கு வேறொரு பெண்ணைப் போட்டுவிடும். நாற்பது நாள் கழித்து இவள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தால், "இடமில்ல டீச்சர், அடுத்த வருசம் பாப்பம்" என்பார்கள். ஊரெல்லாம் பெற்ற பிள்ளைகளை நாங்கள் பார்க்க வேண்டும். நாங்கள் பெற்றால் வீட்டோடு இருக்க வேண்டும்.  இதோடு நான் எவ்வளவோ மல்லுக்கட்டியிருக்கிறேன்.

கோரிக்கையை எழுதியவள் நான். விடியற்காலை பஸ் எடுத்துத் திருகோணமலைக்குப் போய், அங்கே ஒரு அதிகாரி "இவங்கெல்லாம் அரச ஊழியர் இல்லையே" என்று தட்டிக் கழிக்க, "அரச ஊழியர் இல்லாட்டியும் பிள்ளை அரசாங்கத்துப் பிள்ளைதானே ஐயா, ஒங்கட குடித்தொகைக் கணக்குல அதையும் எண்ணுவீங்கதானே" என்று கேட்டவள் நான். திரும்பத் திரும்பப் போனேன். கொடுப்பனவு நிற்காது, திரும்பி வந்தால் அதே இடம் என்று சுற்றறிக்கை வந்த அன்று பஸ்ஸில் இருந்தே அழுதுகொண்டு வந்தவள் நான்.

ஆனால், வேலை இழந்த பெண்களின் பெயர், திகதி, நிருவாகம் சொன்ன காரணம் எல்லாவற்றையும் ஒழுங்காகத் திரட்டித் தந்தது ராத்தா. வெட்கத்திலும் பயத்திலும் கையெழுத்து வைக்க மறுத்த பெண்களின் வீடுகளில் போய் உட்கார்ந்து, தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்றில்லாமல் மாமிமாரையும் புருசன்மாரையும் சம்மதிக்க வைத்தவர் அவர். அந்தத் தாள்கட்டு இல்லாமல் நான் திருகோணமலையில் போய் வெறும் வாயை வைத்து என்ன செய்திருப்பேன்?

ஆகவே அது இருவருடையதும்தான். ஆனால் ஒருவருக்குத்தான் போக முடியும். சங்கத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அதைத்தான். அந்த வரி யாருடைய பெட்டியில் இருக்கிறதோ, தலைவி அவள்தான். எனக்கு அது தெரியும், ராத்தாவுக்கும் தெரியும்.

நான் பிளேன்டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவர் ஆண்டறிக்கையைப் புரட்டிக்கொண்டு இருந்தார். எங்களூரில் இது ஒரு பழக்கம். சேர்ந்திருந்து சாப்பிடும் சஹன் தட்டில் கடைசி இறைச்சித் துண்டு கிடந்தால் எவரும் கை வைக்கமாட்டார்கள். நீங்க எடுங்க, இல்ல நீங்க எடுங்க என்று தள்ளிக்கொண்டே இருப்பார்கள். வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வது மரியாதைக் கேடு. வேண்டாம் என்றால் மற்றவர் வற்புறுத்த வேண்டும். மறுபடியும் வேண்டாம் என்றால் மறுபடியும் வற்புறுத்த வேண்டும். பிறகு மனமில்லாதது போல எடுத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் எவரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. பிறந்த வீட்டிலேயே படிந்துவிட்டது.

நான் என் பங்குக்குத் தொடங்கினேன்.

"இத நீங்களே வெச்சிக்கங்க ராத்தா."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "மெய்யாத்தான் சொல்றியா புள்ள?"

"ஓம் ராத்தா. நீங்கதான் அவ்வளவு வீடு ஏறி இறங்கின."

"அலைஞ்சது நீ. பொறகு மனசுல வெச்சிக்கப்படா."

"சீ, அதெல்லாம் ஒன்டுமில்ல. எழுதுங்க."

இனி அவர் "இல்ல புள்ள, இது ஒனக்குத்தான்" என்று சொல்ல வேண்டும். நான் கொஞ்சம் பிகு பண்ண வேண்டும். அவர் என் பெட்டியில் தன் கையாலேயே எழுதித் தள்ள வேண்டும். நான் அதற்கு ஆயத்தமாக முகத்தைக்கூட வைத்துக்கொண்டேன்.

ராத்தா பேனையை எடுத்தார். தன் பெயருக்குக் கீழே எழுதினார்: "ஆசிரியைகளுக்குப் பிரசவ விடுமுறையும் அதே இடத்தில் மீள் நியமனமும்." சொற்களை எண்ணினார். அறுபதுக்குள் இருந்தது. கையெழுத்து வைத்து, தாளை என் பக்கம் தள்ளினார். நானும் கையெழுத்து வைத்தேன். சிரித்த முகத்தோடு வைத்தேன், அதுதான் எனக்கு ஆறவில்லை. அதிபரின் வீடு தன் வீட்டுக்குப் பக்கம், தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லி, தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மனுசன் தொழுதுவிட்டு வந்தபோது நான் வட்டிலப்பத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய தட்டையே திரும்பக் கழுவுகிறேன் என்று அவர்தான் சொன்னார். நடந்ததைச் சொன்னேன்.

"நீ வேணாமென்டா அவ என்ன செய்வா? எழுதத்தானே செய்வா?"

"வேணாமென்டா வேணாமென்டா அர்த்தம்?"

"எனக்குத் தெரியாது. ஆனா கையெழுத்து வெச்சா அர்த்தம்" என்றார். அவர் பிரதேச செயலகத்தில் வேலை செய்தவர். கையெழுத்து விசயத்தில் அவருக்கு இரக்கம் இல்லை. பிறகு கொஞ்சம் இளகி, "கொடுக்கிற நாள் இன்னும் வரல்லையே. ஒரு போன் எடுத்துக் கதையேன். நான் யோசிச்சிப் பாத்தன், எனக்கும் அது வேணும் என்டு சொல்லேன். ஒன்டும் இல்லாட்டி ரெண்டு பேருட பெட்டியிலயும் போடாம விடுங்களன்" என்றார்.

நல்ல யோசனை. நான் போனை எடுத்தேன், ராத்தாவின் பெயரைத் தட்டினேன், ஒரு மணி அடித்ததும் வெட்டினேன். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். என்னவென்று கேட்பது? கொடுத்ததைத் திருப்பித் தா என்றா? சின்னப் பிள்ளைகள் கூட எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கேட்டால் நாங்கள் கண்டிப்போம். அவரே எடுப்பார், அவருக்கே மனம் கேட்காது என்று காத்திருந்தேன். பாதையில் ஒரு தடவை எதிரே வந்தார். ஸலாம் சொன்னார், நின்றார், "வேறென்ன புள்ள?" என்று கேட்டார். "வேறொன்டும் இல்ல ராத்தா" என்றேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

குறித்த நாளில் பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தது. அத்தோடு முடிந்தது.

வாக்குச்சீட்டின் மாதிரியை அதிபர் வாட்ஸ்அப்பில் எங்கள் இருவருக்கும் அனுப்பினார், எழுத்துப் பிழை இருந்தால் சொல்லச் சொல்லி. என் பெட்டியைப் பார்த்தேன். "செயலாளர். டிப்ளோமா வகுப்பு கரையோரப் பகுதியில் ஆரம்பிக்கப்பட்டது. சாரிக் கொடுப்பனவு." கீழே வெறும் வெள்ளை. இத்தனை வருசமாகத் திருகோணமலை பஸ்ஸில் நான் சாய்ந்து தூங்கிய ஜன்னலுக்கு அந்தப் பெட்டியில் இடமில்லை. பிழை எதுவுமில்லை என்று பதில் போட்டேன். பிழை இருக்கவுமில்லை. எழுதியிருந்ததில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

தேர்தல் ஒரு பாடசாலை மண்டபத்தில், விடுமுறை நாளில் நடந்தது. வாகனம் பிடித்துக் கூட்டம் கூட்டமாக டீச்சர்மார் வந்தார்கள். மண்டபத்துக்குள் வேட்பாளர் எவரிடமும் வாக்குக் கேட்கக் கூடாது, சீட்டைப் பற்றி வாய் திறக்கவும் கூடாது. நான் வாக்குப் போட வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் உள்பக்கத்து டீச்சர் ஒருத்தி, இளம்பெண், கையில் சீட்டை வைத்துக்கொண்டு பெட்டிகளை வாசித்தாள். பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள்:

"பிரசவ லீவு எடுத்துத் தந்தது யாரு டீச்சர்?"

"இந்தா போட்டிரிக்கே, இவங்கதான்."

"அப்ப இவங்களுக்குத்தான். அந்த லீவு இல்லாட்டி நான் இன்டைக்கி இந்தச் சங்கத்துலயே இல்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. மரியாதைக்குச் சிரித்தாள். என் நாக்கு நுனியில் எல்லாம் வந்தது: ஐயாவின் மேசை, பஸ், அழுகை, எல்லாம். ஒரு சொல் சொன்னால் அதிபர் என் மனுவையே தள்ளுபடி செய்வார். அந்தச் சட்டமும் நல்ல சட்டம்தான். நானும் சிரித்தேன். அவள் மறைப்புக்குப் பின்னால் போய்ப் புள்ளடி போட்டுவிட்டு வந்தாள்.

எண்ணும்போது சீட்டுகளை இரண்டு குவியலாக வைத்தார்கள். இரண்டு பேருக்கும் புள்ளடி போட்ட சீட்டுகளைப் பழுதென்று ஒதுக்கினார்கள். அப்படியும் சிலர் போட்டிருந்தார்கள். இருவரும் வேண்டும் என்று நினைத்திருப்பார்கள், பாவம். ராத்தாவின் குவியல் உயர்ந்து நின்றது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. அதிபர் பெயரை வாசித்ததும் எல்லாருக்கும் முன்பாக எழுந்து போய் ராத்தாவைக் கட்டிப்பிடித்தவள் நான்தான். "மாஷா அல்லாஹ்" என்றேன். அவர் என் காதில் ஏதோ சொல்ல வந்தார். கை தட்டலில் கேட்கவில்லை, நான் திரும்பக் கேட்கவுமில்லை.

யாரு வந்தாலும் மற்றவள் கூட நிற்பது என்று பேசியிருந்தோம் அல்லவா? நான் நிற்கவில்லை. சண்டை பிடிக்கவில்லை, முகம் திருப்பவில்லை. கூட்டத்துக்கு வரச்சொன்னால் வீட்டில் வேலை என்றேன். திருகோணமலைக்குக் கூட வரச்சொன்னால் முழங்கால் வலி என்றேன். முழங்காலில் ஒரு வலியும் இல்லை. மரியாதையாக, இனிமையாக, ஒவ்வொன்றுக்கும் வேண்டாம் என்றேன். ராத்தா ஒரு தடவைக்கு மேல் கேட்கமாட்டார். அதுவும் எனக்குக் கோபம்.

ஓய்வுகாலத்துக்கு ஏதாவது ஒரு தொகை வேண்டும் என்ற கோரிக்கை அந்தக் காலத்தில்தான் திருகோணமலையில் நின்றது. ராத்தா தாள்களை ஒழுங்காக அடுக்கிக் கொண்டுபோனார். அதிகாரி "பாப்பம் டீச்சர்" என்றார். ராத்தா நன்றி சொல்லிவிட்டு வந்தார். அவருக்குத் தட்டிக் கேட்கத் தெரியாது. எனக்குத் தாள் அடுக்கத் தெரியாது. அந்தக் கோரிக்கை இன்று வரைக்கும் "பாப்பம்" என்ற இடத்திலேயே நிற்கிறது. நான் வேலையை விட்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒரு பொன்னாடையும் சுவர் மணிக்கூடும் தந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிந்த எத்தனையோ பேர் அப்படித்தான் வீட்டுக்குப் போனார்கள். அந்த வரியை இழந்ததை விட இதுதான் எனக்குப் பெரிய நட்டம் என்று இப்போது தெரிகிறது. அப்போது என் வெறும் பெட்டி மட்டும்தான் என் கண்ணில் பட்டது.

போன நோன்புக்குப் பிறகு ராத்தாவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை என்று கேள்விப்பட்டேன். தோடம்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு ஓட்டோவில் போனேன். மகளின் வீட்டில், முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், நான் பிடித்துப் படுக்க வைத்தேன். மருந்து, டாக்டர், மகளின் பிள்ளைகள் என்று கொஞ்ச நேரம் கதைத்தோம். பிறகு அவராகவே தொடங்கினார்.

"அந்தத் தாள நான் அன்டைக்கே குடுக்கல்ல, தெரியுமா ஒனக்கு?"

எந்தத் தாள் என்று நான் கேட்கவில்லை.

"அதிபர்ட வீடு எங்கட வேலிக்கு அங்கால. குடுக்க எவ்வளவு நேரம்? குறிச்ச நாள் அஸர் வரைக்கும் பேக்குக்குள்ள வெச்சிட்டுத் திரிஞ்சன். நீ கேப்பா என்டு. எத்தின தரம் ஒன்ட போன் வந்து வந்து நின்டிச்சி. அன்டைக்கி ரோட்டுல வெச்சி வேறென்ன என்டு கேட்டன்தானே."

"ஓம், கேட்டீங்க."

"ஒரு சொல்லு புள்ள. எனக்கு வேணும் ராத்தா என்டு ஒரு சொல்லு. அந்த இடத்துலயே அத வெட்டி ஒன்ட பேருல எழுதியிருப்பன். பேனையும் கையில வெச்சிட்டு இரிந்தன்."

 "நீங்க திரும்பக் கேப்பீங்க என்டு நான் நெனச்சன்" என்றேன். 

"கேட்டிருப்பன். எனக்குத் தெரியாதா நம்மட பழக்கம்? ஆனா அன்டைக்கி வேணுமென்டுதான் கேக்கல்ல. தலைவியா வாறவள் கேக்கப் பழகோணும் என்டு நெனச்சன். தனக்கு வேணுங்கிறதக் கேக்கத் தெரியாதவள் எப்படி இத்தின பேருக்குக் கேட்டு எடுப்பாள் என்டு. அது பிழையான நெனப்பு. மத்தவங்களுக்கு என்டா நீ மலையையும் பெயர்ப்பா. எனக்கு அது பொறகுதான் வெளங்கிச்சி, திருகோணமலையில தனியப் போய் நின்டப்ப." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "நீ பக்கத்துல இல்லாம எனக்கு அந்தக் கதிரை இனிக்கவே இல்ல."

மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.  ராத்தா என் கையைப் பிடித்தார். அறுவைச் சிகிச்சை செய்த உடம்பில் அவ்வளவு பலம் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

"இப்ப சொல்லு. ஒனக்கு அது வேணுமா இரிந்திச்சா?"

கேட்டுவிட்டார். இத்தனை வருசம் நான் காத்திருந்த கேள்வி. அவருடைய முகம் எனக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. ஓம் என்று ஒரு சொல். அதற்குப் பிறகு எதுவும் மாறப்போவதில்லை, அவருக்கும் பாரம் குறையும், எனக்கும் குறையும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"இல்ல ராத்தா" என்றேன். "அதெல்லாம் எனக்கு ஒரு விசயமா? நீங்க எழுதினதுதான் சரி."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை விட்டார். "சரி புள்ள" என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, எனக்காகவும் இறைவனிடம் துஆ செய்யச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஓட்டோவில் ஏறினதும் எனக்கு அழுகை அடக்க முடியவில்லை. ஓட்டோக்காரத் தம்பி, "நோயாளிக்குக் கடுமையா டீச்சர்?" என்று கேட்டான். இல்லை, சுகமாகத்தான் இருக்கிறார் என்று சொன்னேன்.